எலுமிச்சை பிழிந்த கை

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் சகலைக்குக் கை கொப்பளித்தது. மத்தியானத்துக்குள் நான் அவன் மேல் ஆசிட் ஊற்றியவன் ஆகிவிட்டேன்.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன் அவன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஹோட்டலில், ஒரே சமையலறையில் வேலை பார்த்தோம். சேர்த்துவிட்டதே நான்தான். சேர்த்துவிடச் சொல்லி என் மனைவி ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மானம் கெட்டுப் போய் மானேஜரிடம் நின்றேன். சேர்ந்த முதல் வருஷமே ஸ்லைசர் மெஷின் அவன் வலது மோதிர விரலின் நுனியை எடுத்துக்கொண்டது. அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவனும் நான்தான். இதையெல்லாம் சொல்லிக்காட்டக் கூடாது என்பார்கள். ஏன் கூடாது? செய்தவன் நான், சொல்லவும் சொல்வேன்.

சமையலறையில் அவனுக்குப் பெயர் 'சலாம்'. மேலதிகாரி யாராவது அந்தப் பக்கம் வந்தால் போதும், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு நெற்றிக்குக் கை போய்விடும். வந்தவர் குழாய் ரிப்பேர்க்காரர் என்று தெரிந்ததும் அதே கையால் தலையைச் சொறிந்துகொள்வான். பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிடுவோம். அப்படி விட்டதுதான் தப்பு.

எங்கள் சமையலறை ஹோட்டலுக்கு அடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்று பரிமாறுகிறவர்களின் தலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். அதில் அடுப்பே இல்லாத மூலை என்னுடையது. சாலட், பழம், ஜூஸ் எல்லாம் அங்கேதான். செலரி என்கிற சீமைக் கீரைத் தண்டைச் சீவி ஐஸ் தண்ணீரில் போடுவது, எலுமிச்சையை மூட்டை மூட்டையாகப் பிழிவது, தர்பூசணியை ஒரே அளவில் நறுக்குவது. என் பலகை, என் கத்திகள், என் மூலை. என் ஆயுசில் பாதி அந்த மூலையில்தான் போயிருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் மானேஜர் என்னை மேலே கூப்பிட்டார்.

"அடுத்த மாசத்துலேர்ந்து நீங்க ஸ்டாஃப் கேன்டீன் பாத்துக்குங்க. சாலட் செக்ஷனை உங்க சகலை பாத்துக்கட்டும்."

"ஏன் சார்? என்ன குறை?"

"குறையெல்லாம் ஒண்ணுமில்ல. வயசாகுது இல்லையா. கொஞ்சம் ரெஸ்ட்."

நான் ரெஸ்ட் கேட்டேனா? பதில் சொன்னால் வாய் தடித்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கீழே இறங்கினேன். இறங்கி வந்தால் என் பலகைக்கு முன்னால் சலாம் நிற்கிறான். என் கத்திகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அவனுடையதை வரிசையாக வைத்துக்கொண்டிருக்கிறான். அடுத்த மாதம் வரைக்கும்கூட அவனுக்குப் பொறுக்கவில்லை.

"சும்மா, இடம் பழகிக்கலாம்னு அண்ணே" என்று இளித்தான்.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. மேசைக்கு அடியில் இரண்டு நீல வாளிகள் இருந்தன. ஒன்றில் செலரி ஊறிய ஐஸ் தண்ணீர். இன்னொன்றில் தரை துடைக்கிற மருந்துத் தண்ணீர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதே என்று பாத்திரம் கழுவுகிறவரிடம் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். கைக்கு வந்த வாளியைத் தூக்கி அவன் மேல் வீசினேன். தண்ணீர் அவன் கையிலும் நெஞ்சிலும் அடித்துத் தரையெல்லாம் ஓடியது. சமையலறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவன் தலையைக் குனிந்து துடைத்துக்கொண்டு போனான். அடிபட்டவனாகத் தெரிவது எப்படி என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் அந்தக் கையோடு வந்து நின்றான்.

நான் ஒளிக்காமல் சொல்கிறேன், பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு கையிலும் புறங்கை சிவந்து வீங்கியிருந்தது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதையில் கொப்புளம் கொப்புளமாக நீர் கோத்திருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கையைப் பார்த்துக் கோடு கோடாகச் சிவப்பு ஓடியிருந்தது. ஏதோ ஊற்றி, அது வழிந்து இறங்கினால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. சமையலறையில் இருந்த அத்தனை பேரும் முதலில் அவன் கையைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள்.

"எரியுது அண்ணே" என்றான். சத்தமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "என்ன ஊத்துனீங்க? அதை மட்டும் சொல்லுங்க, டாக்டர்கிட்ட சொல்லணும்."

"செலரித் தண்ணிடா!"

"செலரித் தண்ணில கை வேகுமா?"

வேகாதுதான். அப்படியானால் நான் தூக்கியது எந்த வாளி? செலரித் தண்டு ஒன்றாவது தரையில் கிடந்ததா? எவ்வளவு யோசித்தாலும் ஞாபகத்துக்கு வரவில்லை. கோபத்தில் வீசினவன் வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டா வீசுவான்?

தெருமுனை டாக்டர் ஒருத்தர் பார்த்துவிட்டு, ஏதோ கெமிக்கல் பட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டார். போதாதா? மானேஜர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். அவர் எப்போதும் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருப்பார். அன்று மணிக்கட்டுவரை பொத்தான் போட்டு, மேலே கோட்டும் மாட்டியிருந்தார். எனக்கு வேட்டு வைக்கத்தான் இந்த அலங்காரம் என்று நினைத்துக்கொண்டேன்.

"செவ்வாய்க்கிழமை பெரிய ஆஸ்பத்திரில தோல் டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். "ஆசிட், மருந்து, எதுவா இருந்தாலும் அவங்க சொல்லிட்டாங்கன்னா நேரா போலீஸ்தான். வேலை போறது அப்புறம். நீங்களும் வாங்க. பின்னாடி, எனக்குத் தெரியாம செஞ்சுட்டாங்கன்னு சொல்லக் கூடாது பாருங்க."

வீட்டுக்கு அதற்குள் தந்தி போய்விட்டது. என் கொழுந்தியா, அதாவது சலாமின் மனைவி, போனில் அழுத அழுகை அடுத்த அறைவரை கேட்டது.

"மாமா இப்படிப் பண்ணுவாருன்னு நெனச்சே பாக்கலக்கா! சோத்தைப் பிசையற கைக்கா! சின்னப் பிள்ளைங்க வேற இருக்கு!"

என் மனைவி போனை வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"நெஜத்தைச் சொல்லுங்க. மருந்துத் தண்ணியா?"

"தெரியாதுடி."

"தெரியாதுன்னா என்ன அர்த்தம்?"

"தெரியாதுன்னா தெரியாதுன்னு அர்த்தம்!"

கட்டினவளே நம்பாவிட்டால் போலீஸ் எங்கே நம்பப் போகிறது? அன்று ராத்திரி அவள் எனக்குச் சோறு போட்டாள். குழம்பு ஊற்றும்போது பேசவில்லை, தட்டை எடுக்கும்போதும் பேசவில்லை. ஜெயில் சாப்பாடு இதைவிட அன்பாக இருக்கும் என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை ஹோட்டல் வேனில் மூன்று பேரும் போனோம். மானேஜர் முன்னால், நாங்கள் பின்னால். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அவன் இரண்டு கையையும் மடியில் வைத்துப் பச்சைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டே வந்தான். சிவப்பு இப்போது பழுப்பேறத் தொடங்கியிருந்தது. வேன் குலுங்கியபோதெல்லாம் "ஸ்ஸ்" என்றான். மானேஜர் ஒவ்வொரு "ஸ்ஸ்"க்கும் திரும்பி என்னை முறைத்தார்.

தோல் டாக்டர் ஒரு அம்மா. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, யார் பேசினாலும் பாதியில் வெட்டுகிற ரகம். சலாம் கையை நீட்டியதும் கதையை ஆரம்பித்தான்.

"சனிக்கிழமை சாயங்காலம் இவரு ஒரு வாளித் தண்ணியை என் மேல, ஆசிட்டோ என்னவோ..."

"இருங்க. எரிச்சலா, அரிப்பா?"

"எரிச்சல்தான் டாக்டர். நெருப்பு வெச்ச மாதிரி."

"தண்ணி பட்ட உடனே எரிஞ்சுதா?"

சலாம் ஒரு நொடி தடுமாறினான். "உடனே இல்ல... காலையில எந்திரிச்சப்ப."

"ஆசிட் பட்டா காலையில வரைக்கும் தூங்க முடியாது. அப்பவே கத்தியிருப்பீங்க." அவர் அவன் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "என்ன வேலை பாக்குறீங்க?"

"ஹோட்டல் கிச்சன்ல. சாலட், ஜூஸ்..."

"எலுமிச்சம்பழம் பிழிவீங்களா?"

நான் குறுக்கே விழுந்தேன். என் கெட்ட நேரம், எனக்குச் சாதகமாக வந்ததையே நான் தள்ளிவிடப் பார்த்தேன்.

"எலுமிச்சையா? என்ன டாக்டர் நீங்க! நான் பொறந்ததுலேர்ந்து பிழியறேன். எனக்கு ஒரு கொப்புளம் வந்ததில்ல. எங்க கிச்சன்ல எல்லாரும் பிழியறோம். எலுமிச்சை ஒண்ணும் பண்ணாது!"

மானேஜர் என்னைப் பார்த்த பார்வையில், 'இவனை ஜெயிலில் போடத் தனியாக ஆள் வேண்டாம், இவனே போய் உட்கார்ந்துகொள்வான்' என்று இருந்தது. டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"உங்க கிச்சன் எங்க இருக்கு?"

"தரைக்குக் கீழ."

"வெயில் வருமா?"

"எங்க வரும்? ஜன்னலே கிடையாது."

"அதனாலதான் உங்களுக்கு ஒண்ணும் ஆகல." அவர் சலாம் பக்கம் திரும்பினார். "நீங்க இப்ப சமீபத்துல, சனிக்கிழமைக்கு முன்னாடி, வெளியில வெயில்ல வெச்சு எலுமிச்சை பிழிஞ்சீங்களா? இல்ல பிழிஞ்ச கையோட வெயில்ல நின்னீங்களா?"

சலாம் தன் கையைப் பார்த்தான். நான்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை நீச்சல் குளத்துப் பக்கம் பார்ட்டி. எலுமிச்சை ஜூஸைக் கீழேயே பிழிந்து ஜக்கில் மேலே அனுப்புவதுதான் எப்போதும் வழக்கம். இவன் வேண்டாம் என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே போனான். குளத்து ஓரத்தில் மேசை போட்டு, விருந்தாளிகள் கண்ணெதிரே பிழிந்து கொடுத்தால்தான் அழகு என்றான். அழகு யாருக்கு? குளத்துப் பக்கம் மானேஜர் உட்கார்ந்திருந்தார், அதுதான் விஷயம். உச்சி வெயிலில் மத்தியானம் முழுக்கப் பிழிந்தான். கையுறை போடவில்லை. போட்டால் சலாம் வைக்க முடியாதே.

"அப்ப சரியாத்தான் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "எலுமிச்சைத் தோல்லயும் சாறுலயும் ஒரு பொருள் இருக்கு. அது தோல் மேல இருக்கும்போது வெயில் பட்டா, பட்ட எடம் வெந்துபோகும். வெயில் இல்லேன்னா ஒண்ணும் ஆகாது. உடனே தெரியாது, ஒரு நாள், ரெண்டு நாள் கழிச்சுத்தான் கொப்பளிக்கும். அதனால எல்லாரும் முந்தின நாள் என்ன பண்ணோம்னு தேடுவாங்க, பழி வேற எது மேலயாவது போகும். பாருங்க, கோடெல்லாம் மணிக்கட்டுலேர்ந்து முழங்கைக்கு ஓடுது. கையைத் தூக்கிப் பிழிஞ்சப்ப சாறு வழிஞ்ச வழி இது. எலுமிச்சை மட்டும் இல்ல, செலரி, அத்திப் பால், இந்த மாதிரி இன்னும் சிலது இருக்கு."

சலாம் நிமிர்ந்தான். அவன் முகத்தில் விளக்குப் போட்டதுபோல் வெளிச்சம்.

"செலரியா? அண்ணே ஊத்துனது செலரித் தண்ணிதான்! அவரே சொன்னாரு! கேட்டீங்களா சார்? அவர் வாயாலயே சொன்னாரு!"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இரண்டு நாளாக அது ஆசிட், மருந்து என்று ஊரெல்லாம் சொன்னவன், இப்போது செலரி என்றால் செலரி என்கிறான். என் கழுத்தில் மாட்ட எந்தக் கயிறாக இருந்தாலும் அவனுக்குச் சரி.

"எப்ப ஊத்துனாரு?" என்றார் டாக்டரம்மா.

"சனிக்கிழமை சாயங்காலம்."

"எங்க?"

"கிச்சன்ல."

"அப்புறம் வெயில்ல போனீங்களா?"

"வேலை முடிஞ்சு ராத்திரிதான் வெளிய வந்தேன்..." சொல்லும்போதே அவன் குரல் இறங்கியது.

"ராத்திரில ஏதுங்க வெயில்? வெறும் செலரி ஊறுன தண்ணி, அது மேல வெயிலே படல. அது இல்ல. திரும்பி உக்காருங்க, கழுத்தைக் காட்டுங்க."

பின் கழுத்தில், சட்டைக் காலருக்கு மேலே, விரல் விரலாகப் பழுப்புத் தடம். வியர்வையைத் துடைக்க அவனே கை வைத்த இடம்.

"வாளித் தண்ணி விரல் மாதிரியா விழும்?" என்றார் டாக்டரம்மா. "உங்க கை எங்கெல்லாம் போச்சோ, சாறு அங்கெல்லாம் போயிருக்கு. வேற யாரையாவது தொட்டிருந்தா அவங்களுக்கும் வந்திருக்கும். எலுமிச்சை பிழிஞ்ச கையோட பிள்ளைங்களைத் தூக்கிட்டு வெயில்ல நிக்கிற அம்மாக்களைப் பாத்திருக்கேன். பிள்ளை முதுகுல அம்மா கை அப்படியே இருக்கும். அடிச்சுட்டாங்கன்னு பக்கத்து வீட்ல சண்டையே வந்துரும்."

நான் சலாமைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்லி அவன் முகத்தில் காறித் துப்பலாம் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அப்போது மானேஜர் கோட்டைக் கழற்றுவது ஓரக்கண்ணில் தெரிந்தது.

கோட்டை நாற்காலி முதுகில் போட்டார். இடது சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றி, மெதுவாக மேலே சுருட்டினார்.

"டாக்டர், இது என்னன்னு பாருங்க" என்றார்.

அவர் முன்னங்கையில் ஒரு கை இருந்தது. பழுப்புச் சிவப்பில், உள்ளங்கையும் விரல்களுமாக, யாரோ இறுக்கிப் பிடித்துவிட்டு அந்தக் கையை அங்கேயே மறந்துவிட்டுப் போனதுபோல். ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் எல்லாம் முழுசாக இருந்தன. மோதிர விரல் மட்டும் பாதியில் நின்றுவிட்டது.

நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சலாமின் வலது கையைப் பார்த்தோம். அவன் அதைத் தொடைக்கு அடியில் செருகிக்கொள்ளப் பார்த்தான். கொப்புளம் உரசி "ஆ" என்று கத்தினான்.

"ஞாயித்துக்கிழமைலேர்ந்து இருக்கு" என்றார் மானேஜர். "என் வீட்ல என்கிட்ட பேச்சை நிறுத்தியாச்சு. யாரோட கைன்னு கேக்குறா. நான் என்னன்னு சொல்றது? வியாதியா என்னன்னு பயந்து சட்டையை எறக்கிவிட்டுட்டு அலையறேன். இவன் கையா இது?"

"வெள்ளிக்கிழமை வெயில்ல அரைக்கைச் சட்டை போட்டிருந்தீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"குளத்துப் பக்கம் டீ-ஷர்ட்லதான் இருந்தேன். இவன் வந்து பக்கத்துல உக்காந்தான். கையைப் பிடிச்சிட்டு..." அவர் நிறுத்தினார்.

எனக்கு அந்த இடத்தில் தெளிந்துவிட்டது. கேட்காமல் விடுவேனா?

"எதுக்கு சார் கையைப் பிடிச்சான்?"

மானேஜர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த தோல் படத்தைப் பார்த்தார்.

"உங்களுக்குக் கை நடுங்குதுன்னு சொன்னான். கத்தி பிடிக்க முடியல, மறைச்சுட்டு வேலை பாக்குறீங்க, என்னைக்காவது விரலை வெட்டிக்குவீங்கன்னு. அண்ணன் மேல இருக்கிற பாசத்துல சொல்றேன் சார், நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கன்னு கையை விடவே இல்ல."

பாசம்! காலையில் டீ குடிக்கும் வரைக்கும் என் இடது கையில் ஒரு சின்ன நடுக்கம் இருக்கிறது, உண்மைதான். டீ உள்ளே போனதும் நின்றுவிடும். கத்தி பிடிப்பது வலது கை. அதை வீட்டில் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தேன். அவள் தங்கையிடம் சொல்லியிருக்கிறாள். தங்கை புருஷனிடம். புருஷன் மானேஜரிடம், எலுமிச்சை பிழிந்த கையோடு. சொன்ன வாய்க்குச் சாட்சி இல்லாமல் போயிருக்கும். கை மட்டும் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டது.

நான் டாக்டரம்மாவின் மேசைக்கு முன்னால் போய் இரண்டு கையையும் நீட்டினேன். எல்லோரும் பார்த்தார்கள். அசையவில்லை. கோபத்தில் என் கைகள் எப்போதுமே உறுதியாகத்தான் நிற்கும்.

"போதும், உக்காருங்க" என்றார் மானேஜர்.

"உக்கார மாட்டேன் சார். போலீஸைக் கூப்பிடுங்க. வாளித் தண்ணியை வீசினேன்னு நானே எழுதித் தரேன். இவன் உங்க காதுல ஊத்துனதை இவன் எழுதித் தரட்டும்."

"நான் போய் எதுக்கு அண்ணே..." என்று சலாம் ஆரம்பித்தான்.

"வாயை மூடு!" இதைச் சொன்னது மானேஜர். "இனிமே யாரும் என்னைத் தொட்டுப் பேசக் கூடாது. கேன்டீனுக்கு நீ போ. அவரு எடத்துல அவரே இருக்கட்டும்."

டாக்டரம்மாவுக்கு எங்கள் சண்டையில் ருசி இல்லை. இரண்டு பேருக்கும் களிம்பு எழுதினார். கொப்புளத்தை உடைக்காதீர்கள், கொஞ்ச நாளைக்கு அந்த இடத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கறுப்பு மறைய வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம், தானாகப் போகும், எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள் என்றார். மானேஜர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். சலாம் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காதில் எதுவும் ஏறவில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்தது.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் ஒன்றுதான் கேட்டேன்.

"என் கை நடுங்கறதை உன் தங்கச்சிகிட்ட எதுக்குச் சொன்ன?"

"கவலையில சொன்னேன்."

"உன் கவலையை இனிமே என்கிட்ட சொல்லு."

அவள் அழுதாள். நான் சமாதானப்படுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்குக் குழம்பு ஊற்றியபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் இருந்தது.

என் மூலைக்குத் திரும்பினேன். அவன் கத்திகளை ஒரு பழைய துணியில் சுற்றி கேன்டீனுக்கு அனுப்பினேன். மானேஜர் அதற்கப்புறமும் முழுக்கைச் சட்டையில்தான் வந்தார். அந்தக் கை நாளுக்கு நாள் கறுத்து, ரொம்ப நாள் அவர் மேலேயே இருந்தது. கையெழுத்துப் போட அவர் குனியும்போதெல்லாம் சட்டை விலகி, குட்டை விரல் எட்டிப் பார்க்கும். சலாமைக் கண்டால் அவர் வேறு பக்கம் நடந்தார். அதற்கு மேல் அவனுக்குத் தண்டனை நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கிடைத்தது போதும் என்று பட்டது, அவ்வளவுதான்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவும் தங்கையும் சேர்ந்து சமாதானத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். நான் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது. சலாம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். பின்னால் என் கொழுந்தியா.

"மாமா, அவரு ஒங்ககிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் வந்திருக்காரு. பாவம், கையைப் பாருங்க, இன்னும் ஆறவே இல்ல. புதுசு புதுசா கொப்பளிக்குது. அந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியல மாமா."

பார்த்தேன். பழைய கறுப்புக் கோடுகளுக்கு மேலே புதுச் சிவப்பு. ஓரத்தில் புதுக் கொப்புளம். தோல் ஈரமாகப் பளபளத்தது. ஒரு வாசனை வந்தது. அந்த வாசனையை என் மூக்குக்கு யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

"கைக்கு என்ன போடற?" என்று அவளைக் கேட்டேன்.

"கறுப்பு போறதுக்கு எலுமிச்சம் மூடி தேச்சுவிடறேன் மாமா. தினமும் கிளம்பறதுக்கு முன்னாடி. இப்பக்கூடத் தேச்சுட்டுத்தான் வரோம். முகத்துக்கெல்லாம் போட்டா வெளுக்கும்ல?"

தினமும் எலுமிச்சை தேய்த்துக்கொண்டு, கையை ஹேண்டில்பாரில் வெயிலுக்கு நீட்டிக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறான். டாக்டரம்மா சொன்ன அத்தனையையும் அவன் கதவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. அவனும் தேய்த்துக்கொண்டே, வெந்துகொண்டே இருந்திருப்பான், எத்தனை நாள் வேண்டுமானாலும். துணியை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் அந்த ருசியோடு நின்றேன்.

அவன் பழைய இளிப்போடு கிட்டே வந்தான்.

"அண்ணே, நடந்ததை மறந்துடுங்க. பாசத்துல சொன்னது அண்ணே" என்று, என் முன்னங்கையைப் பிடிக்க வலது கையை நீட்டினான். அந்தக் குட்டை விரல் முதலில் வந்தது.

நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"மொதல்ல கையைக் கழுவிட்டு வா."

அவன் முகம் தொங்கிப்போனது. கொழுந்தியா, "என்ன மாமா, வீடு தேடி வந்தவரை..." என்று குரலை உயர்த்தினாள். என் மனைவி வாசல்படியில் நின்று என்னையும் அவன் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது.

"எலுமிச்சைதான் உன்னை வேகவைக்குது. அன்னைக்கு டாக்டர் சொன்னது உன் காதுல விழல. கழுத்துலயும் தேச்சிருந்தா அதையும் கழுவு. கழுவிட்டு நிழல்ல நில்லு."

அவன் வாசல் ஓரத்துக் குழாயைத் திறந்தான். தண்ணீர் கொப்புளத்தில் பட்டதும் "ஸ்ஸ்" என்றான். சோப்பு எங்கே என்று கேட்டான். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. குழாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வண்டியைத் துடைக்கப் போனேன்.